யாழ்ப்பாணத்துப் புழுக்கத்தில் தெம்பே

முதல் தரம் தெம்பே செய்தபோது எனக்குக் கிடைத்தது பொலித்தீன் பைக்குள் பழுப்பு நிறத்தில் நூலிழுக்கிற ஒரு கூழ். சித்திரை மாதம், மதியம் மூன்று மணி. ரிஜிபோம் பெட்டியின் மூடியைத் திறந்தேன், கண்ணெரிகிற மாதிரி ஒரு நெடி வந்தது, ஆட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றால் வருமே, அதே நெடி. பின்னால் நின்ற அம்மா மூக்கைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு, "பாணிலை பூஞ்சணம் பிடிச்சா எறியெண்டு கத்துறனி, அவிச்ச அவரைக்கு நீயே பூஞ்சணம் பிடிக்க வைக்கிறியோ?" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நாலு பையையும் வாழையடியில் புதைத்தேன்.

பிழை என்னவென்றால், நான் பார்த்துச் செய்த முறை குளிர்நாட்டில் இருப்பவர் எழுதியது. பெட்டிக்குள் வை, சுடுதண்ணீர்ப் போத்தல் வை, துணியால் மூடு, சூடு போகாமல் பார்த்துக்கொள் என்று அவர் எழுதியிருந்தார், நானும் சித்திரை வெயிலில் இருந்துகொண்டு அப்படியே செய்தேன். அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து தரம் செய்துவிட்டேன், இப்போது பெரும்பாலும் சரியாக வருகிறது. அதனால் இங்கே இருந்து செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தெம்பே என்றால் அவித்த சோயா அவரையை ஒரு பூஞ்சணம் நூல்நூலாகப் பின்னிக் கட்டியாக்கிய பொருள். பிறந்த இடம் யாவாத் தீவு. பூஞ்சணத்தின் பெயர் ரைசோபஸ் ஒலிகோஸ்போரஸ். நன்றாக வந்தால் வெள்ளை வெல்வெற்றுத் துணி போர்த்த பலகைத் துண்டு போல இருக்கும், வெட்டினால் உள்ளே அவரை தனித்தனியாகத் தெரியும், பொரித்தால் வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே கொஞ்சம் இறைச்சி போல இறுக்கமாகவும் இருக்கும். எங்கள் வீட்டில் நல்லூர்த் திருவிழா 25 நாளும் மச்சம் இல்லை. அந்த நாட்களில் சோயாமீற்றையே திருப்பித் திருப்பிச் சாப்பிட்டு அலுத்துப்போய்த்தான் இதில் இறங்கினேன்.

தோசைமாவு புளிக்க வைத்துப் பழகிய கைக்கு இது எளிதாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். உண்மையில் அந்தப் பழக்கம்தான் குழப்பியது. தோசைமாவு தண்ணீரோடு இருக்கிறது, மூடி வைக்கிறோம், காற்று இல்லாவிட்டாலும் அது பொங்கும். தெம்பேப் பூஞ்சணத்துக்குக் காற்று வேண்டும், அவரையின் மேலே ஈரம் பளபளக்கக் கூடாது, அளவுக்கு மேல் சூடும் கூடாது. உப்பும் போடுவதில்லை. அந்தப் பூஞ்சணம் முந்திக்கொண்டு வளர்ந்துவிட்டால் மற்றக் கிருமிகளுக்கு இடமில்லை, அது சுணங்கினால் மற்றது உள்ளே வந்துவிடும்.

முதலில் உறை விசயம். தயிருக்கு உறைமோர் போல இதற்கும் ஒன்று வேண்டும், ஆனால் அது தூள். பூஞ்சணத்தின் வித்திகளை அரிசிமாவோடு கலந்து சின்னப் பொட்டலமாக விற்கிறார்கள். எனக்கு அக்கா நெதர்லாந்தில் இருந்து வரும்போது கொண்டுவந்தாள். அங்கே இந்தோனேசியத் தொடர்பால் தெம்பே கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற சாமான். அரைக் கிலோ காய்ந்த அவரைக்கு ஒரு தேக்கரண்டி போதும், ஆனால் பொட்டலத்துக்குப் பொட்டலம் வீரியம் மாறும், எனவே பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஈரம் படாத போத்தலில் இறுக்க மூடி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் நீண்ட நாள் இருக்கும். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அலமாரியில் வைத்தால் சில மாதத்திலேயே சோம்பிவிடும்.

பாணுக்குப் போடுகிற ஈஸ்ட் இதற்கு உதவாது, தயிரும் உதவாது. கடையில் வாங்கிய தெம்பேயில் ஒரு துண்டைப் பிய்த்துப் போட்டுப் பார்த்தேன் என்று ஒரு நண்பன் சொன்னான், அதுவும் சரிவரவில்லை. வெள்ளையாக இருக்கும்போது அதில் வித்து இல்லை, கறுத்த பிறகுதான் வித்து. கடைக்கு வருவதை அவித்துப் பொதி செய்திருந்தால் பூஞ்சணமே செத்திருக்கும். யாவாவில் பழைய ஆட்கள் உறையை இலையில்தான் வைத்திருந்தார்கள். வாரு என்ற மரத்தின் இலையில் பூஞ்சணத்தை வளரவிட்டுக் காயவைத்து, அடுத்த தடவை அந்த இலையை அவரையோடு தேய்ப்பார்கள். அந்த வாரு எங்கள் வேலிப் பூவரசின் சொந்தக்காரன், இலை பார்க்க ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதைக் கேள்விப்பட்டவுடன் வேலிக்கு ஓடிப்போய் இலை ஆய வேண்டாம். இலையில் இயல்பாக எந்தப் பூஞ்சணம் இருக்கிறது என்று எங்களுக்குக் கண்ணால் தெரியாது.

உறையைப் பெருக்கிக்கொள்ள வழி இருக்கிறது. நன்றாக வந்த தெம்பேயில் மெல்லிய துண்டு ஒன்றை எடுத்து, காற்றுப்படுகிற மாதிரி சுத்தமான துணியால் மூடி இன்னும் இரண்டு நாள் விட்டால் கறுத்துவிடும். அதை நிழலில் சருகாகக் காயவைத்து, வறுத்து ஆறிய அரிசிமாவோடு அரைத்து வைத்தால் அடுத்த தடவைக்கு உறை. இப்படி இரண்டு மூன்று தலைமுறை போகலாம். அதற்கு மேல் வேண்டாத கிருமிகளும் சேர்ந்து பெருகும். எனக்கு நாலாவது தலைமுறையில் ஒரு பை பாதி வெள்ளை பாதி பிசுபிசுப்பாக வந்தது, அன்றோடு பழையதைக் கொட்டிவிட்டுப் புதுப் பொட்டலம் உடைத்தேன்.

சரி, அவரை. சந்தையிலோ பலசரக்குக் கடையிலோ சமையலுக்கு விற்கிற சோயாவை வாங்குங்கள். விதைப்புக்கு என்று விற்கிற கடையில் வாங்காதீர்கள், அதில் பூஞ்சண மருந்து பூசியிருப்பார்கள், சாப்பிடவும் கூடாது, தெம்பேயும் வராது. ஒரு கிலோ வாங்கினாலும் முதல் தடவை அரைக் கிலோவுக்கு மேல் போடாதீர்கள், பிழைத்தால் மனம் உடையும்.

இரவு நிறையத் தண்ணீரில் ஊறப்போடுங்கள், எட்டுப் பத்து மணித்தியாலம். எங்கள் வெக்கையில் காலையில் தண்ணீர் கொஞ்சம் நுரைத்துப் புளிப்பு மணத்தோடு இருக்கும். அது நல்லதுதான், அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகளைத் தள்ளிவைக்கும். வழுவழுத்து அழுகல் மணம் வந்தால் மட்டும் கொட்டுங்கள். பிறகு கோது கழற்ற வேண்டும். பூஞ்சணத்தின் நூல் அவரையின் வெளித்தோலைத் துளைத்துக்கொண்டு போகாது, பருப்பின் வெட்டுமுகத்தில்தான் பிடிக்கும், எனவே இதில் சோம்பல்பட முடியாது.

இந்த ஒரு வேலையில் அம்மாதான் குரு. நான் ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "உழுந்து கழுவினதே காணேல்லையோ நீ?" என்று சட்டியை வாங்கினார். இரண்டு கையாலும் அள்ளி உள்ளங்கைகளுக்கிடையில் பிசைந்து தேய்த்தார், அவரை இரண்டாகப் பிளந்து கோது கழன்றது, தண்ணீர் விட்டுச் சட்டியை ஒரு சுழற்றுச் சுழற்றினார், கோதெல்லாம் மேலே எழும்பி நடுவில் கூடியது, சரித்து ஊற்றினார். பிறகு திரும்பவும் பிசைதல், சுழற்றல், சரித்தல். ஆறேழு தரத்தில் முக்கால்வாசிக்கு மேல் போய்விட்டது. நூற்றுக்கு நூறு போகத் தேவையில்லை, அங்கொன்று இங்கொன்றாகக் கோது கிடந்தால் பரவாயில்லை. பிளவுபடாத முழு அவரை நிறையக் கிடந்தால்தான் கட்டி பிடிக்காது.

அவிப்பது புதுத்தண்ணீரில், முக்கால் மணித்தியாலத்தில் இருந்து ஒரு மணித்தியாலம். மேலே வருகிற நுரையை அள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் பொங்கி அடுப்பை நூர்த்துவிடும். குக்கரில் வைக்காதீர்கள் என்று நான் சொல்வேன், ஒரு விசில் கூடினாலும் குழைந்துவிடும், குழைந்த அவரைக்கிடையில் காற்றுப் போக இடம் இருக்காது. பதம் என்னவென்றால், விரலுக்கிடையில் அழுத்தினால் நசிய வேண்டும், ஆனால் அகப்பையால் கிண்டும்போது உடையக் கூடாது. அரைவேக்காடாகவும் விட முடியாது, சோயாவைப் பச்சையாகவோ அரைப்பச்சையாகவோ தின்றால் செமிக்காது, வயிறு கெடும். அடுப்பை நிற்பாட்டும் முன் கடைசி ஐந்து நிமிடம் மூன்று மேசைக்கரண்டி வினாகிரி விடுங்கள். தேங்காய் வினாகிரியே போதும்.

இதற்குப் பிறகுதான் எல்லோரும் அவசரப்படுகிற இடம் வருகிறது, உலர்த்துவது. அவரையை வடித்து, சூடாக இருக்கும்போதே சுளகில் சுத்தமான பழைய வேட்டித் துணி விரித்துப் பரப்புங்கள். சூட்டிலேயே ஆவி போகப்போகப் பாதி ஈரம் பறந்துவிடும். மின்விசிறிக்குக் கீழே வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் கையால் புரட்டிக் கொடுங்கள், கை நன்றாகக் கழுவித் துடைத்த கையாக இருக்கட்டும். மார்கழி மழைக்காலத்தில் இதற்கே ஒரு மணித்தியாலம் எடுக்கும், ஆடி ஆவணியில் இருபத்தைந்து நிமிடம். பதம் பார்க்க ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கிவிட்டு விடுங்கள். கையில் ஈரம் ஒட்டக் கூடாது, அவரை பொலபொலவென்று உதிர வேண்டும், தோற்றத்தில் பளபளப்புப் போய் மங்கலாக இருக்க வேண்டும். முதல் தரம் என் அவரை தேனில் தோய்த்தது போல மினுங்கிக்கொண்டிருந்தது, அதைக் கண்டும் காணாத மாதிரி விட்டேன். பாதித் தோல்வி அங்கேயே தொடங்கிவிட்டது.

உடம்புச் சூட்டைவிடக் குறைவாக ஆறிய பிறகு, அதாவது கன்னத்தில் வைத்தால் சுடாமல் இருக்கும்போது, உறைத்தூளைத் தூவிக் கலக்குங்கள். ஒரே இடத்தில் கொட்டாமல் மூன்று தரமாகத் தூவி, ஒவ்வொரு தரமும் ஒரு நிமிடமாவது புரட்டுங்கள். தூள் படாத மூலையில் தெம்பே வராது, வேறொன்று வரும்.

அடைக்கிறதுக்கு இரண்டு வழி. பொலித்தீன் பையென்றால் தையல் ஊசியால் இரண்டு பக்கமும் ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு ஓட்டை குத்தி, அவரையைப் போட்டுத் தட்டையாக அழுத்துங்கள். ஒரு அங்குலத் தடிப்புக்கு மேல் போகக் கூடாது. எங்கள் ஊரில் அதைவிட நல்லது வாழையிலை. நீர்வேலிப் பக்கம் ஆரையும் கேட்டால் ஒரு கட்டு இலை கிடைக்கும். அனலில் வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. பொட்டலம் கட்டி ஈர்க்கால் குத்தி மூடிவிட்டால் மடிப்புகளுக்குள்ளால் தேவையான அளவு காற்றுப் போகும், மிஞ்சிய ஈரமும் கசிந்து போகும். இலையில் செய்த தெம்பேக்கு ஒரு தனி மணம் இருக்கிறது. பையில் செய்வதில் ஒரு வசதி, உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும். பழகும் வரைக்கும் பையில் செய்து பாருங்கள்.

இனிச் சூடு. தெம்பேப் பூஞ்சணம் விரும்புவது 30 பாகை செல்சியஸ், ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை. குளிர்நாட்டுக்காரர் பெட்டியும் மின்குமிழும் வைத்துப் பாடுபட்டு உண்டாக்குகிற அந்தச் சூடு எங்கள் குசினியில் வருசத்தில் முக்கால்வாசி நாள் சும்மா கிடைக்கிறது. ஆனால் அந்த முறைகளில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிற ஒரு சங்கதி எங்களுக்குத்தான் தலையாயது. பூஞ்சணம் முதல் பன்னிரண்டு மணித்தியாலம் வெளியில் இருந்து சூட்டை வாங்குகிறது. அதற்குப் பிறகு வேகமாக வளரத் தொடங்கி, தானே சூட்டைக் கக்குகிறது. வெளியே 20 பாகையில் இருக்கிறவருக்கு அது உதவி. வெளியே 33 பாகையில் இருக்கிற எங்களுக்கு அது ஆபத்து, பொட்டலத்தின் நடு 40ஐத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் பூஞ்சணம் தளர்ந்துபோக, வெக்கையை விரும்புகிற பக்ரீரியாக்கள் எழும்பிப் புரதத்தை உடைத்து அமோனியா நெடியையும் நூலிழுப்பையும் உண்டாக்கும். சித்திரையில் என் பெட்டிக்குள் நடந்தது அதுதான்: நாலு பையை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி, சுடுதண்ணீர்ப் போத்தலையும் பக்கத்தில் படுக்க வைத்து மூடியிருந்தேன்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை செய்ததைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன், அதை அப்படியே சொல்கிறேன். அரைக் கிலோ சோயா, அவித்து உலர்த்திய பிறகு ஏறக்குறைய ஒரு கிலோ, நாலு பை. பின்னேரம் நாலு மணிக்கு உறை கலந்து அடைத்து, மேசையில் கேக் ஆறவைக்கிற கம்பித்தட்டின் மேல், பைக்குப் பை நாலு விரல் இடைவெளி விட்டு வைத்து, மேலே மெல்லிய துணி ஒன்று போட்டேன். இறைச்சிக்குக் குத்திப் பார்க்கிற ஊசித் தெர்மோமீற்றர் ஒன்றை ஒரு பையின் நடுவில் குத்தி விட்டேன். அறை 31 பாகை, பையும் அதே.

ஞாயிறு காலை ஐந்தரைக்குப் பார்த்தேன், ஒன்றுமே நடக்கவில்லை. பையின் உள்பக்கம் கொஞ்சம் புகார் பிடித்தது போல நீராவி, அவ்வளவுதான். முதல் தடவை செய்கிற எல்லோருக்கும் இந்த இடத்தில்தான் பொறுமை போகும், உறை செத்துவிட்டது என்று நினைத்து இன்னும் சூடு வைப்பார்கள். வைக்காதீர்கள். ஒன்பது மணிக்கு ஊசி ஓட்டைகளைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள், அவரைக்கிடையில் சிலந்திவலை போல ஏதோ ஒன்று, பை 33. பதினொன்றுக்கு 36, அறை 32. உள்ளங்கையை மேலே வைத்தபோது காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போல இருந்தது. இதுதான் கைவைக்க வேண்டிய நேரம். துணியை எடுத்தேன், கம்பித்தட்டோடு தூக்கி நிலத்தில் சீமெந்துத் தரையின் மேல் வைத்தேன், இடைவெளியை ஒரு சாண் ஆக்கினேன், மேசை மின்விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் நேரே படாமல் பக்கத்துச் சுவரைப் பார்க்க விட்டேன். ஒரு மணிக்கு 38 வரை ஏறியது, மனம் பதைத்தது, பைகளைப் புரட்டி வைத்தேன். மூன்று மணிக்கு 35. அதற்குப் பிறகு அது ஏறவே இல்லை.

பின்னேரம் ஐந்துக்கு நாலு பையும் வெள்ளை. ஆனால் வெள்ளையாகிவிட்டது என்பதற்காக முடிந்துவிட்டது என்று இல்லை. ஒரு பையைத் தூக்கி ஒரு முனையில் மட்டும் பிடித்தேன், மற்ற முனை தொங்கியது. இன்னும் நேரம் இருக்கிறது. இரவு எட்டரைக்கு, அதாவது இருபத்தெட்டரை மணித்தியாலத்தில், அதே மாதிரிப் பிடித்தபோது பலகை போல நேராக நின்றது.

தெர்மோமீற்றர் இல்லாதவர்களும் செய்யலாம். பதினாறாவது மணித்தியாலத்தில் இருந்து மணிக்கு ஒருக்கால் கையை வைத்துப் பாருங்கள், கைக்குச் சூடு தெரியத் தொடங்கினால் பிரித்து வையுங்கள், காற்று விடுங்கள். நான் பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்குவதே இதற்காகத்தான், சூடேறும் நேரம் நான் முழித்திருக்கிற பகலில் வரவேண்டும். காலையில் தொடங்கிப் பார்த்தேன், நடுச்சாமம் இரண்டு மணிக்கு எழும்பி மின்விசிறி போட வேண்டி வந்தது. அன்று கரண்ட்டும் இல்லை.

மார்கழி தையில் கதை வேறு. இரவில் 22, 23க்கு இறங்கும், அப்போது முதல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மட்டும் அந்த ரிஜிபோம் பெட்டியும் வெதுவெதுப்பான தண்ணீர்ப் போத்தலும் உதவும், மூடியை ஒரு விரல் திறந்து வைத்து. காலையில் வெள்ளை தெரிந்தவுடன் வெளியே எடுத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் முப்பத்தாறு, நாற்பது மணித்தியாலம் கூடப் போகும்.

சரியாக வந்ததா என்று நான் பார்ப்பது இப்படி. முதலில் மணம். மழைக்குப் பிறகு முளைத்த காளானைப் பிய்த்து முகர்ந்தால் வருகிற பச்சை மணம் வந்தால் நல்லது. கொஞ்சம் மாவு மணமும் இருக்கும். அடுத்தது கத்தி. நடுவில் வெட்டுங்கள், விரலளவு துண்டு உதிராமல் நிற்க வேண்டும், வெட்டுமுகத்தில் அவரைக்கிடையில் இருக்கிற சந்தெல்லாம் வெள்ளையால் நிரம்பியிருக்க வேண்டும். வெளியே வெள்ளையாகவும் நடுவில் அவரை ஈரமாகத் தனித்தும் இருந்தால் தடிப்புக் கூடிவிட்டது அல்லது காற்றுப் போதவில்லை. மணம் நன்றாக இருந்தால் இன்னும் மூன்று நாலு மணித்தியாலம் விட்டுப் பார்க்கலாம்.

ஊசி ஓட்டையைச் சுற்றிச் சாம்பலோ கறுப்போ தெரிந்தால் பயப்பட வேண்டாம், காற்றுக் கூடுதலாகப் பட்ட இடத்தில் பூஞ்சணம் வித்துக் கட்டியிருக்கிறது, தின்னலாம். எங்கள் அம்மாவுக்கு இதை நம்ப ஒரு வருசம் எடுத்தது. இளஞ்சிவப்பு, செம்மஞ்சள், பச்சை, மஞ்சள் என்று வேறு நிறம் எங்காவது கண்டால் அந்தப் பொட்டலம் முழுவதும் குப்பைக்கு. அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கிற கெட்டித்தனம் இதில் வேண்டாம். தொட்டால் வழுக்கினாலும், பிய்க்கும்போது நூலிழுத்தாலும், கண்ணெரிகிற நெடி வந்தாலும் அதுவேதான் முடிவு. மெல்லிய அமோனியா மணம் மட்டும் இருந்து, கட்டி இறுக்கமாகவும் உலர்ந்தும் இருந்தால் அது முற்றிப்போனது. யாவாவில் முற்றியதையும் கறிக்கு வாசமாகப் போடுவார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை.

சோயா கிடைக்காவிட்டால் கடலைப்பருப்பில் செய்யுங்கள், உண்மையைச் சொன்னால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதுதான் நல்லது. கோது கழற்றுகிற வேலை இல்லை, ஏற்கெனவே உடைத்த பருப்பு. ஆறு மணித்தியாலம் ஊறவைத்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எட்டுப் பத்து நிமிடம்தான், கடித்தால் நடுவில் கொஞ்சம் நறுக்கென்று இருக்கும்போதே வடித்துவிட வேண்டும். மற்றதெல்லாம் ஒன்றுதான். தெம்பே கொஞ்சம் இனிப்பாக, கடலை மணத்தோடு வரும். மைசூர்ப் பருப்பு படுத்துகிற பாடு பெரும்பாடு, ஊறிய பிறகு இரண்டு நிமிடம் கூடினால் கஞ்சி. நான் அதை மூன்று தரம் முயன்று ஒரு தரம்தான் வென்றேன், இனி அது சொதிக்குப் பக்கத்தில் கறியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கௌபியும் பயறும் நன்றாக வரும், ஆனால் இரண்டுக்கும் கோது கழற்ற வேண்டும்.

ஒன்றைக் கட்டாயம் எழுத வேண்டும். பக்கத்து வீட்டு அன்ரி ஒருநாள் எட்டிப்பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கை கொஞ்சம் தேங்காய்ப்பூ போட்டா ருசியா இருக்குமே?" என்று கேட்டார். எங்கள் ஊரில் எவருக்கும் வரக்கூடிய யோசனை. தெம்பேக்குள் தேங்காய்ப்பூவோ பால் பிழிந்த சக்கையோ ஒருபோதும் போட்டுப் புளிக்க வைக்காதீர்கள். யாவாவில் தேங்காய்ச் சக்கையில் செய்கிற தெம்பே பொங்க்ரேக் என்று ஒன்று இருந்தது. தேங்காயில் ஒருவகைப் பக்ரீரியா வளர்ந்து உண்டாக்குகிற நஞ்சால் அதைத் தின்ற பலர் செத்திருக்கிறார்கள், 1988இல் இந்தோனேசியா அதைச் செய்வதையே தடைசெய்தது. அந்த நஞ்சுக்கு மணமும் இல்லை ருசியும் இல்லை, அவித்தாலும் பொரித்தாலும் போகாது, நான் மேலே சொன்ன மூக்கும் கத்தியும் அதைக் கண்டுபிடிக்காது. தெம்பே முடிந்த பிறகு தேங்காய்ப்பாலில் கறி வைப்பது வேறு, அது எந்தக் கறியையும் போலத்தான். அன்ரிக்கு இதைச் சொன்னேன், அவர் அதற்குப் பிறகு தெம்பே பக்கமே வரவில்லை, அது என் நோக்கமில்லை.

முடிந்த தெம்பே உயிரோடு இருக்கிறது, சும்மா விட்டால் இரவோடு இரவாகக் கறுத்துவிடும். எனவே நீத்துப்பெட்டியில் வைத்துப் பதினைந்து நிமிடம் அவித்து வளர்ச்சியை நிற்பாட்டி, ஆறவிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு கிழமை வரை வைப்பேன். அவிக்காமல் வைப்பதென்றால் பொட்டலங்களை அடுக்காதீர்கள், குளிருக்குள்ளும் நடுவில் சூடு கொஞ்ச நேரம் நிற்கும். பச்சையாகத் தின்பதில்லை.

எங்கள் வீட்டில் அது முதலில் உப்பும் மஞ்சளும் பிரட்டிப் பொரியல் ஆகிறது, பிறகு அந்தப் பொரித்த துண்டுகள் வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலையோடு தாளித்து, யாழ்ப்பாணத்துக் கறித்தூள் ஒன்றரைக் கரண்டி போட்டு, கெட்டிப்பால் விட்டு, வற்றவிட்ட பிரட்டல் ஆகிறது. இறக்கும்போது தேசிக்காய்ப் புளி. போன திருவிழாவில் தேருக்கு முதல்நாள் அம்மா இதைப் புட்டோடு சாப்பிட்டார், இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார், கை கழுவிவிட்டு வந்து, "அடுத்த முறை கொஞ்சம் கறுத்ததை எனக்கு வைக்காதை" என்றார்.